கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும்: புதிய துணையிடம் மனம் நோகாமல் சொல்வது எப்படி?

நாங்கள் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு போனில், "நாளைக்கு எங்க போகலாம்?" என்று அவர் ஆசையாகக் கேட்டார். அந்த வாரம் முழுக்க ஆட்களோடு பேசிப் பேசி எனக்குத் தொண்டையும் மனசும் வறண்டு போயிருந்தது. "நாளைக்கு வேண்டாம். தனியா இருக்கணும் போல இருக்கு" என்றேன். "சரி" என்றார். நானும் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை பத்து மணி வரை தூங்கினேன். துவைத்த துணிகளை மடித்து வைத்தேன். பாதியில் விட்டிருந்த ஒரு நாவலைப் படித்தேன். சாயங்காலம் போனை எடுத்தபோது ஒரு தோழி ஏதோ படம் போட்டிருந்தாள், அதற்கு ஒரு இதயம் போட்டேன். அவ்வளவுதான் என் சனிக்கிழமை. ஞாயிறு காலை அவரைக் கூப்பிட்டால் எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது.

அவருடைய சனிக்கிழமை எப்படிப் போனது என்பதைப் பல நாள் கழித்துத்தான் சொன்னார். வியாழக்கிழமை நாங்கள் பேசியதை வரி வரியாக நினைவுபடுத்தி, எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று தேடியிருக்கிறார். மத்தியானம் வரை ஒன்றும் கிடைக்கவில்லை. சாயங்காலம் நான் போட்ட அந்த இதயம் கண்ணில் பட்டிருக்கிறது. "தனியா இருக்கணும்னு சொன்னது என்கிட்டேருந்து மட்டும்தான் போல" என்று முடிவு கட்டிவிட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் நிறையப் பேசினோம், நான் நிறையப் படித்தேன், எங்களுக்குள் ஒரு ஏற்பாடும் உருவானது. அதிலிருந்து தெரிந்துகொண்டதை இங்கே முறையாக எழுதுகிறேன். முக்கியமாகச் சொல்ல வேண்டியது இது: அவரை வலிக்க வைத்தது நான் இல்லாத அந்த ஒரு நாள் இல்லை. ஏன், எவ்வளவு நேரம், அதற்குப் பிறகு என்ன என்ற மூன்றையும் நான் சொல்லாமல் விட்டதுதான். சொல்லாமல் விட்ட இடத்தை அவர் தன் பயத்தால் நிரப்பிக்கொண்டார். புதிதாகப் பழகும் இருவருக்கு இது இன்னும் கடினம். பல வருடம் சேர்ந்து இருப்பவர்களுக்கு, "அவ இப்படித்தான், நாளைக்குச் சரியாயிடுவா" என்று சொல்லிக்கொள்ள பழைய அனுபவம் இருக்கும். மூன்று மாத உறவில் அப்படி எதுவும் சேர்ந்திருக்காது.

முதல் படி: எந்தத் தனிமை வேண்டும் என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்

துணையிடம் பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தனியாக இருக்க வேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணங்கள் வேறு வேறு. சிலருக்கு யாரோடு இருந்தாலும், எவ்வளவு பிடித்தவரோடு இருந்தாலும், சில மணி நேரத்தில் களைப்பு வந்துவிடும். அது தீரத் தனிமை வேண்டும். சிலருக்குப் படம் வரைவது, எழுதுவது, ஓடுவது என்று தனியாக மட்டுமே செய்ய முடிகிற ஒன்று இருக்கும். இந்த இரண்டும் நேர்மையான தனிமைகள், தைரியமாகக் கேட்கலாம்.

மூன்றாவது ஒன்று உண்டு. அவர் சொன்ன ஏதோ ஒன்று உறுத்துகிறது, அல்லது உறவு வேகமாகப் போவது பயமாக இருக்கிறது, அதைப் பேசத் தயக்கம், அதனால் விலகி இருக்கத் தோன்றுகிறது. இதையும் "தனியா இருக்கணும்" என்ற அதே வார்த்தைக்குள் ஒளித்து வைத்தால், எதிரில் இருப்பவர் அதை மோப்பம் பிடித்துவிடுவார். "உன்னால் இல்லை" என்று வாய் சொல்லும், குரல் வேறு சொல்லும். அவர் நம்புவது குரலைத்தான். அதன்பின் நீங்கள் உண்மையான களைப்பில் தனிமை கேட்டாலும் நம்ப மாட்டார்.

எது என்று கண்டுபிடிக்க எனக்கு உதவிய வழி எளிது. இரண்டு வாரம், தனியாக இருக்கத் தோன்றிய ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதி வைத்தேன். அதற்கு முன் என்ன நடந்தது, தனிமை முடிந்தபோது அவரைப் பார்க்க எப்படித் தோன்றியது, அவ்வளவுதான். தனிமை முடிந்ததும் அவர் குரலைக் கேட்க ஆசை வந்தால் அது ஓய்வுக்கான தனிமை. முடிந்த பிறகும் போனை எடுக்கக் கை வரவில்லை என்றால் அங்கே பேசப்படாத விஷயம் ஒன்று இருக்கிறது. என் பட்டியலில் ஏழு முறை எழுதியிருந்தேன். ஆறு, ஆட்கள் அதிகமாக இருந்த நாட்களுக்கு அடுத்து வந்தவை. ஒன்று மட்டும், அவர் என் நண்பர்கள் முன்னால் என்னைப் பற்றிச் சொன்ன ஒரு கிண்டலுக்கு மறுநாள். அந்த ஒன்றைத் தனிமைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்துப் பேசினேன். பத்து நிமிடத்தில் தீர்ந்தது.

இந்தக் குறிப்பு இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரியவரும். ஒரு நாள் முழுக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் எனக்குத் துணை தேவைப்பட ஆரம்பித்திருந்தது. கேட்கும்போது "கொஞ்ச நாள்" என்பதற்கும் "நாலு மணி வரை" என்பதற்கும் எதிரில் இருப்பவரின் மனசில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது படி: களைத்துப்போவதற்கு முன்பே சொல்லுங்கள்

தனிமை தேவைப்படும் அந்த நிமிடம்தான் அதை விளக்குவதற்கு மிக மோசமான நிமிடம். அப்போது பொறுமை தீர்ந்திருக்கும், முகம் இறுகியிருக்கும், வாக்கியம் பாதியில் நிற்கும். அதுவும் அவர் "எங்க போகலாம்?" என்று ஒரு ஆசையை நீட்டும்போது சொன்னால், எவ்வளவு இதமாகச் சொன்னாலும் நீட்டிய கையைத் தட்டிவிட்டது போலத்தான் இருக்கும். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

இருவரும் சந்தோஷமாக இருக்கும் ஒரு நாளில், நேரில், அவசரமில்லாத நேரத்தில் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தோ நடந்துகொண்டோ பேசுவது இன்னும் நல்லது. எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை போல ஆகிவிடுகிறது. மெசேஜில் இதை முதல் தடவை சொல்லாதீர்கள். எழுத்தில் குரல் இருக்காது, அவர் அதைப் பத்து முறை படிப்பார், பத்து முறையும் வேறு வேறு தொனியில் படிப்பார்.

பழக ஆரம்பித்த முதல் சில மாதங்களுக்குள் சொல்லிவிடுவது நல்லது. தொடக்கத்தில் தினமும் சந்தித்துவிட்டு ஐந்தாவது மாதம் திடீரென்று குறைத்தால், அவர் கண்ணுக்கு அது அன்பு குறைவதாகத்தான் தெரியும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் அது உங்கள் சுபாவமாகத் தெரியும்.

மூன்றாவது படி: சொல்லும் வார்த்தைகள்

"எனக்கு ஸ்பேஸ் வேணும்" என்று சொல்லாதீர்கள். இந்த வார்த்தையைப் பலர் உறவை முடிப்பதற்கு முந்தைய வார்த்தையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். உங்கள் எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பழைய நினைவை வார்த்தை இழுத்துக்கொண்டு வரும். "மூச்சு முட்டுது" என்பதும் அப்படித்தான். மூச்சை முட்ட வைப்பது யார் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. "நீ புரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பித்தால், புரிந்துகொள்ளாவிட்டால் நீ நல்லவன் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது போல ஆகும்.

சொல்ல வேண்டியவை நான்கு. இந்த இயல்பு அவர் வருவதற்கு முன்பிருந்தே உங்களிடம் இருக்கிறது என்பது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது. எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பது. முடிந்ததும் அவரிடம் எப்படி வருவீர்கள் என்பது. முதலாவதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் ஒரு சின்ன நிகழ்ச்சியாகச் சொன்னால்தான் மனசில் நிற்கும். நான் இரண்டாவது தடவை பேசியபோது சொன்னது ஏறக்குறைய இப்படி:

"சின்ன வயசிலேயே, வீட்டுக்கு விருந்தாளிங்க வந்துட்டுப் போனா, அன்னிக்கு மொட்டை மாடியில போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவங்களைப் பிடிக்காமல் இல்ல. ரொம்பப் பிடிச்ச அத்தை வந்துட்டுப் போனாலும் அப்படித்தான். இப்பவும் அதேதான். வாரம் பூரா ஆளுங்களோட இருந்தா, சனிக்கிழமை பகல்ல யார்கூடவும் பேசாம இருக்கணும். தூங்குவேன், படிப்பேன், துணி மடிப்பேன், வேற ஒண்ணும் பெருசா இல்ல. நாலு மணிக்கு நானே உன்னைக் கூப்பிடுறேன். அப்ப முழுசா உன்கூட இருப்பேன், பாதி மனசோட இல்ல."

இந்தப் பேச்சில் அந்த அத்தைதான் வேலை செய்தார். பிடித்தவரைவிட்டும் விலகி இருக்கத் தோன்றும் என்பதற்கு அவர் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே ஒரு சாட்சி இருந்தது. "உன்னால இல்ல" என்று நூறு முறை சொல்வதைவிட அது நம்பும்படி இருந்தது. அப்படி ஒரு நிகழ்ச்சி உங்களிடமும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

துணி மடிப்பேன் என்று சொன்னது அற்பமாகத் தோன்றலாம். என்ன செய்வீர்கள் என்று தெரிந்தால் அவரால் உங்களைக் கற்பனையில் பார்க்க முடிகிறது. தெரியாவிட்டால் அவர் கற்பனையில் நீங்கள் வேறு யாருடனோ சிரித்துக்கொண்டிருப்பீர்கள், அல்லது அவரை விட்டுவிடுவது பற்றி யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அதற்காக நிமிடக் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை, ஒரு சின்னச் சித்திரம் போதும்.

நான்காவது படி: அவர் முகம் மாறும்போது

நன்றாகவே பேசியிருந்தாலும் அவர் முகம் வாடலாம். "என்கூட இருந்தா உனக்குக் களைப்பா இருக்கா?" என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாதீர்கள். "சேச்சே, இல்லவே இல்ல" என்றால் அடுத்த சனிக்கிழமை அந்தப் பதில் உதவாது. நான் சொன்னது: "இருக்கு. உன்கூட மட்டும் இல்ல, யார்கூட இருந்தாலும் வரும். உன்கூட இருக்கும்போது கொஞ்சம் மெதுவா வருது." உண்மையும் அதுதான்.

இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, வாதாடுவது. "மத்த ஆறு நாளும் உன்கூடத்தானே இருக்கேன்?" என்று கணக்குக் காட்டுவது. அவர் கேட்பது கணக்கு இல்லை. "நான் உனக்கு இன்னும் வேணுமா?" என்பதுதான் உள்ளே ஓடும் கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். "வேணும். அதனாலதான் இதை உன்கிட்ட உட்கார்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளக்கம் நீள நீள, எதையோ மறைக்கிறாள் என்றுதான் தோன்றும்.

அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் இல்லாத நேரத்துல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கும்?" நான் எதிர்பார்த்தது, பகல் முழுக்கப் பேசாமல் இருப்பது என்ற பதில். அவர் சொன்னது வேறு. "பகல்ல பிரச்சினை இல்ல. முந்தின நாள் ராத்திரி நீ குட்நைட் சொல்லாமத் தூங்கிடுற பாரு, அதுதான். அப்பவே நீ போயிட்ட மாதிரி இருக்கும்." எனக்குத் துளிகூடச் செலவில்லாத ஒன்று அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு எவ்வளவு களைப்பு என்றாலும் ஒரு வரி அனுப்பிவிட்டுத்தான் படுப்பேன். கேட்டிருக்காவிட்டால், அவருக்காக என் பகலில் பாதியை விட்டுக்கொடுத்து, அவருக்குத் தேவையானதை மட்டும் கொடுக்காமலேயே இருந்திருப்பேன்.

பேச்சு சூடானால் நிறுத்திவிடுங்கள். தம்பதிகளின் சண்டைகளை ஆய்வுக்கூடத்தில் பல வருடம் கவனித்த ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், வாக்குவாதத்தில் ஒருவருடைய இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வதை உள்வாங்குவதே கடினமாகிவிடுகிறது என்கிறார். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிட இடைவெளி வேண்டும் என்பது அவருடைய ஆலோசனை. அந்த இடைவெளியையும் "அரை மணி நேரத்தில வர்றேன், இதை முடிக்காம விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு போனால், தனிமையைப் பற்றிய பேச்சிலேயே அவரைத் தனியாக விட்டது போல ஆகிவிடும்.

ஐந்தாவது படி: போனைப் பற்றித் தனியாகப் பேசுங்கள்

இதைத் தனிப் படியாக வைத்ததற்கு என் அனுபவம்தான் காரணம். தனிமை கேட்டவர் ஆன்லைனில் இருப்பது தெரிந்தால், கேட்டவருக்கு அது ஒன்றுமே இல்லை. காத்திருப்பவருக்கு அது ஊசி. கைவேலைக்கு நடுவில் இரண்டு நிமிடம் போனைத் தள்ளிப் பார்ப்பது எனக்குத் தனிமையின் ஒரு பகுதி. அவருக்கு அது, எல்லோருக்கும் நேரம் இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை.

இதற்கு இரண்டு வழிகள்தான் எனக்குத் தெரிந்து வேலை செய்கின்றன. ஒன்று, அந்த நேரத்தில் போனை உண்மையிலேயே எட்ட வைத்துவிடுவது. இன்னொன்று, "நான் ஆன்லைன்ல வந்தாலும் அது சும்மா மேய்றதுதான், யார்கூடவும் பேசுறது இல்ல" என்று முன்பே சொல்லி வைப்பது. நான் முதலில் இரண்டாவதைத்தான் செய்தேன், ஓரளவுக்குத்தான் பலித்தது. புத்திக்குத் தெரிந்தாலும் பச்சைப் புள்ளியைப் பார்த்தால் மனசு அடித்துக்கொள்கிறது என்று அவரே சொன்னார். அதனால் முதல் மூன்று மாதம் போனை மேசை டிராயருக்குள் போட்டேன். பிறகு அது தேவைப்படவில்லை. கடைசியாகப் பார்த்த நேரத்தை அவருக்குத் தெரியாமல் மறைத்து வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். தெரியவரும் நாளில் மொத்த நம்பிக்கையும் போய்விடும்.

அவசரம் என்றால் எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்களுக்குள், அடுத்தடுத்து இரண்டு முறை அழைப்பு வந்தால் எடுத்தே ஆக வேண்டும். அவர் அதை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினார், அவர் அப்பா கீழே விழுந்த அன்று. அந்த வழி திறந்திருக்கிறது என்று தெரிந்ததே அவருக்குப் பாதித் தெம்பு.

ஆறாவது படி: திரும்பி வருவது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி. கேட்பதற்கு எத்தனையோ யோசிக்கிறோம், திரும்பி வருவதை யோசிப்பதே இல்லை.

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார். புதிய அறை ஒன்றில் தாயும் குழந்தையும் இருப்பார்கள். தாய் சில நிமிடம் வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பு எப்படிப்பட்டது என்பதை ஐன்ஸ்வொர்த் முக்கியமாகக் கண்டுகொண்டது, தாய் போகும்போது குழந்தை அழுததா என்பதை வைத்து இல்லை. தாய் திரும்பி வந்தபோது குழந்தை என்ன செய்தது என்பதை வைத்துத்தான். நன்றாக அழுத குழந்தையும் தாய் வந்ததும் ஆறுதலாகி விளையாடப் போனால், அது தாயை நம்புகிறது. 1987-இல் சின்டி ஹேசன், ஃபிலிப் ஷேவர் என்ற இருவர், வளர்ந்தவர்களின் காதலையும் இதே பிணைப்பாகப் பார்க்க முடியும் என்று எழுதினார்கள். பெரியவர்கள் குழந்தைகள் இல்லைதான். ஆனாலும் இதைப் படித்தபோது என் கவனம் முழுக்கத் தவறான முனையில் இருந்தது எனக்குப் புரிந்தது. நான் போவதை இதமாக்கவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தது வருவதற்கு.

அதனால் விதி ஒன்று: தனிமை கேட்டவர்தான் முதலில் திரும்ப வேண்டும். நாலு மணி என்றால் நாலு மணிக்கு நான் கூப்பிட வேண்டும், அவர் 4.10-க்குத் தயங்கித் தயங்கி "முடிஞ்சுதா?" என்று கேட்கும்படி விடக்கூடாது. அப்படிக் கேட்க நேர்ந்தால் அவர் அன்பைக் கெஞ்சி வாங்கியது போல உணர்வார். எங்கள் ஏற்பாட்டின் மூன்றாவது சனிக்கிழமை, நாவலில் மூழ்கி ஐந்தரைக்குத்தான் கூப்பிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் முதல் இரண்டு வாரத்தில் சேர்த்த நம்பிக்கை அந்த ஒன்றரை மணி நேரத்தில் கரைந்துவிட்டது தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை காலையிலேயே அவர் குரலில் பதற்றம் இருந்தது. அப்போதிருந்து அலாரம் வைத்தேன். இன்னும் நேரம் வேண்டும் என்று தோன்றினால், நாலு மணிக்குக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் வேணும், அஞ்சு மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிடுவேன். நீட்டிப்பது தப்பில்லை, சொல்லாமல் நீட்டிப்பதுதான் தப்பு.

திரும்பி வரும்போது கையில் ஏதாவது கொண்டு வாருங்கள் என்று சொல்வேன். படித்ததில் சிரிப்பு வந்த ஒரு இடம், ஜன்னலில் பார்த்த ஒரு பறவை, தோன்றிய ஒரு யோசனை, எதுவானாலும் சரி. அந்தத் தனிமையிலிருந்து அவருக்கும் ஒரு துண்டு கிடைக்கிறது. அதைவிட முக்கியம், முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே அவரோடு இருப்பது. "முழுசா உன்கூட இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, வந்ததும் போனை நோண்டினால் சொன்னதெல்லாம் வீண். அவர் மனசு நிறைய நிறைய, தனிமை கேட்டால் ஒன்றை இழப்போம் என்ற எண்ணம் மாறி, நல்லபடியாகத் திரும்பி வருவாள் என்ற எதிர்பார்ப்பு வரும். எங்களுக்கு இது ஏற்பட ஏழெட்டு வாரம் ஆனது.

ஏழாவது படி: ஒரே அறையில் தனியாக

வாரத்தில் ஒரு பகல் போதாது என்றால் ஒவ்வொரு முறையும் விலகிப் போக வேண்டியதில்லை. டொனால்ட் வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர், மனப்பகுப்பாய்வாளரும்கூட, 1958-இல் ஒரு அழகான விஷயத்தை எழுதினார். தனியாக இருக்கும் திறமையை ஒருவர் கற்றுக்கொள்வது, நம்பகமான இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது தனியாக இருப்பதில்தான் என்றார். அம்மா பக்கத்தில் இருக்க, குழந்தை தன்பாட்டுக்கு விளையாடுவது போல.

இதை நாங்கள் வார நாட்களில் முயன்று பார்த்தோம். ஒரே அறை, அவர் தன் வேலையில், நான் என் புத்தகத்தில், ஒரு மணி நேரம் பேச்சில்லை. முதல் தடவை அவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "இது சண்டை இல்லையே?" என்று ஒருமுறை கேட்டார். நான் காலை நீட்டி அவர் காலைத் தொட்டுவிட்டுப் படித்தேன். நாலைந்து தடவைக்குப் பிறகு அவர் நிமிர்வது நின்றது. மௌனம் என்றால் கோபம் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதுதான் நல்ல ஆரம்பம், தனி நாள் கேட்பதற்கு முன்பே செய்யலாம். எனக்கு இது முழு ஓய்வு இல்லை, முக்கால்வாசி ஓய்வு.

எங்கே தவறும்

மூன்று நாலு வாரம் ஆனதும் உட்கார்ந்து, "இது உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "பரவாயில்ல" என்று பதில் வந்தால் அதை ஏற்றுக்கொண்டு நகராதீர்கள். சகித்துக்கொள்பவர்களும் அதையேதான் சொல்வார்கள். அடையாளம் வேறு இடத்தில் தெரியும். தனி நாளுக்கு முந்தின நாள் அவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கவனித்துக்கொள்கிறாரா, மறுநாள் வெடுக்கென்று பேசுகிறாரா, தன் ஆசைகளைச் சொல்வதையே குறைத்துவிட்டாரா என்று பாருங்கள். இதில் எது தெரிந்தாலும் நேரத்தைக் குறைப்பதற்கு முன், திரும்பி வருவது சரியாக நடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

உங்கள் பக்கமும் வழுக்கும். சண்டை போட்ட அன்று, "எனக்குத் தனியா இருக்கணும்" என்று அதே வார்த்தையைத் தண்டனையாகப் பயன்படுத்தினால், பல வாரம் கட்டியதை ஒரே நாளில் இடித்துவிடுவீர்கள். கோபத்துக்கு வேறு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். "கோபமா இருக்கேன், ஒரு மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்றால் போதும். அதேபோல நாலு மணி ஆறாகி, ஒரு நாள் இரண்டு நாளாகிக்கொண்டே போனால், முதல் படிக்குத் திரும்பி அந்த இரண்டு வரிக் குறிப்பை மறுபடி எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நீங்கள் விலக விலக அவர் துரத்துவதும், அவர் துரத்தத் துரத்த நீங்கள் இன்னும் விலகுவதும் ஒரு சுழல். அதற்குள் போய்விட்டால் யார் ஆரம்பித்தது என்று பேசிப் பயனில்லை. அதிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த வழி, ஒரு வாரத்துக்கு அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் போய் நிற்பது. தானாகக் கிடைப்பதை யாரும் துரத்த மாட்டார்கள். அந்த வாரத்துக்குப் பிறகு தனிமை கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இந்த வழிகாட்டி உதவாத இடமும் உண்டு. இத்தனையும் செய்து பல மாதம் ஆகியும், நீங்கள் சொன்ன நேரத்தில் அவர் சொல்லாமல் வந்து நிற்கிறார், போனை வாங்கிப் பார்க்கிறார், எங்கே இருக்கிறாய் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார், தனியாக இருந்ததற்கு மறுநாள் உங்களைத் தண்டிக்கிறார் என்றால், அது மனம் நொந்தவர் செய்வது இல்லை. அது கட்டுப்பாடு. அங்கே இன்னும் இதமாகச் சொல்வது எப்படி என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடமோ மனநல ஆலோசகரிடமோ நடப்பதை அப்படியே சொல்லுங்கள்.

எங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, என் குட்நைட்டுக்கு முன்னாலேயே அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "நாளைக்கு நீ படி. நான் சைக்கிள் எடுத்துக்கிட்டுத் தனியா ரொம்ப தூரம் போகப் போறேன். நாலு மணிக்கு நானே கூப்பிடுறேன்." மறுநாள் 3.50-க்கெல்லாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.